நகைக்கடை விளம்பரத்துக்குள் ஒளிந்திருக்கும் இலக்கணம்

தமிழ் வகுப்பில் ஊடகப் பாடம் வரும்போது, ஒரு விளம்பரத்தைக் கொடுத்து 'இது எப்படி நம்மை ஈர்க்கிறது?' என்று எழுதச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: கவர்ச்சியான சொற்கள், அழகான படம், பிரபலமான நடிகை, மக்களை ஏமாற்றுகிறது. நான்கு வரியில் விடை முடிந்துவிடும். அந்த விளம்பரத்தில் எந்தச் சொல் எந்த வேலையைச் செய்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

பதில் கிடைக்க வேண்டுமானால் அடைமொழிகளை விட்டுவிட்டு வினைச்சொல்லையும் இடைச்சொல்லையும் பார்க்க வேண்டும். தன்வினை பிறவினை, வினா வகை, தன்மைப் பன்மை, முற்றும்மை என்று தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் இலக்கணம் அத்தனைக்கும் விளம்பரத்தில் வேலை இருக்கிறது. நமக்கு நன்கு பழகிய நகைக்கடை விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பது எந்தக் கடையுடையதும் அல்ல. நாளிதழ்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் நாம் பார்க்கும் பாணியில், பயிற்சிக்காக எழுதியது.

பொன் சேரும் பொன்னாள்!
இந்த அட்சய திருதியைக்கு உங்கள் மகளுக்கு என்ன சேர்க்கப் போகிறீர்கள்?
சேதாரம் 3% முதல்.
செய்கூலியில் 50% வரை தள்ளுபடி.
அனைத்து நகைகளும் 916 ஹால்மார்க்.
வாருங்கள், நம்ம வீட்டு விசேஷம் நம்ம கடையிலிருந்தே தொடங்கட்டும்.
சலுகை மூன்று நாட்கள் மட்டுமே. *நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

காணாமல் போன 'வாங்கு'

முதல் வேலையாக, இதில் உள்ள வினைகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். சேரும், சேர்க்கப் போகிறீர்கள், வாருங்கள், தொடங்கட்டும். நகை விற்பதற்காகவே எழுதிய விளம்பரம் இது. ஆனால் 'வாங்குங்கள்' என்ற வினை ஓரிடத்தில்கூட இல்லை. 'விலை', 'பணம்', 'கொடுங்கள்' ஆகியவையும் இல்லை.

வாங்குவதைச் சொல்லாமல் எப்படிச் சமாளிக்கிறது? தலைப்பில் உள்ள 'சேரும்' தன்வினை. மழைத்தண்ணீர் பள்ளத்தில் சேர்வதுபோல, பொன் தானாகவே வந்து சேர்கிறது. சேர்க்கிறவர் யார், அவர் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சுக்கே அந்த வினையில் இடமில்லை. அதிலும் 'சேரும்' இங்கே முற்றாக நிற்காமல் பெயரெச்சமாக 'பொன்னாள்' என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'இன்று பொன் சேரும்' என்று முடித்திருந்தால் 'சேருமா?' என்று திருப்பிக் கேட்கலாம். 'பொன் சேரும் பொன்னாள்' என்று பெயருக்குள் மடித்துவைத்த பிறகு அந்தக் கேள்வி எளிதில் எழாது. 'பொன்', 'பொன்' என்று சீருக்குச் சீர் வரும் மோனை வேறு, யோசிக்க விடாமல் அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகிறது.

அடுத்த வரியில் அதே வினை பிறவினையாக மாறுவதைக் கவனியுங்கள். 'என்ன சேர்க்கப் போகிறீர்கள்?' செலவைப் பற்றிய வரியில் தன்வினையாக இருந்தது, கடமையைப் பற்றிய வரியில் பிறவினையாகிவிட்டது. பொன் சேர்வது தானாக நடக்கிறது. மகளுக்குச் சேர்க்காமல் விட்டால் மட்டும் பொறுப்பு உங்களுடையது. சேர், சேர்க்க என்ற சின்ன வேறுபாட்டில் பெற்றோரின் மனச்சாட்சி வரை விளம்பரம் போய்விட்டது.

'இல்லை' என்று சொல்ல முடியாத கேள்வி

அந்த இரண்டாம் வரி ஒரு கேள்வி. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இந்த ஆறும் உண்டு. நம் விளம்பரக் கேள்வி இதில் எது?

தோற்றத்தில் அது அறியாவினா. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் கடைக்காரருக்கு உங்கள் விடை தேவையில்லை. 'இன்னும் பல் துலக்கலையா?' என்று அம்மா கேட்பது தகவல் அறிவதற்காக அல்லவே! அதுபோல இதுவும் ஒரு செயலைச் செய்யச் சொல்லும் ஏவல்வினாதான்.

இந்தக் கேள்வியின் பலம் 'என்ன' என்ற வினாச்சொல்லில் இருக்கிறது. 'சேர்க்கப் போகிறீர்களா?' என்று ஆகார வினாவாகக் கேட்டிருந்தால் 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். 'என்ன சேர்க்கப் போகிறீர்கள்?' என்று கேட்டால் சங்கிலி, வளையல், தோடு என்றுதான் விடை வரும். சேர்க்கத்தான் போகிறீர்கள் என்பது கேள்விக்குள்ளேயே முடிவாகிவிட்டது. வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேச வேண்டிய விஷயம், எதை வாங்குவது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது.

'இந்த அட்சய திருதியைக்கு' என்பதில் உள்ள 'இந்த' என்ற சுட்டையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் வாங்குவது வழக்கம், இந்த ஆண்டுக்கு என்ன என்பதுதான் பேச்சு என்பது அதற்குள் இருக்கிறது. இதுவரை அந்த நாளில் ஒரு குண்டுமணி தங்கமும் வாங்காத வீட்டையும் அந்தச் சுட்டு வழக்கமாக வாங்கும் வீடாக்கிவிடுகிறது.

வகுப்பில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வினாச்சொல்லை எடுத்துவிட்டு, அதே வாக்கியத்தை ஆகார வினாவாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் பிள்ளைகளுக்கு 'இல்லை' என்ற விடை சொல்ல வருகிறதென்றால், மூல வாக்கியம் எதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது என்பது தெரிந்துவிடும்.

முதல், வரை: பிரிக்கப்பட்ட ஜோடி

இனி எண்கள் வருகின்றன. நகைக்கடை விளம்பரத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

தமிழில் 'முதல்', 'வரை' இரண்டும் ஜோடியாக வரும். காலை முதல் மாலை வரை, குமரி முதல் சென்னை வரை. ஒன்று தொடக்க எல்லையைக் காட்டும், மற்றது முடிவெல்லையைக் காட்டும். விளம்பரம் இந்த ஜோடியைப் பிரித்து, சேதாரத்துக்கு 'முதல்' மட்டும், தள்ளுபடிக்கு 'வரை' மட்டும் கொடுக்கிறது. 'சேதாரம் 3% முதல்' என்றால் மேல் எல்லை எது என்று சொல்லவில்லை. '50% வரை தள்ளுபடி' என்றால் கீழ் எல்லை எது என்று சொல்லவில்லை. நீங்கள் கொடுக்க வேண்டியதில் மிகக் குறைந்த எண்ணும், உங்களுக்குக் கிடைப்பதில் மிக அதிகமான எண்ணும் பெரிய எழுத்தில் நிற்கின்றன. மற்ற இரு முனைகளும் கடைக்குள்தான் தெரியவரும்.

இதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பவுன் சங்கிலி, அதாவது 16 கிராம். கணக்குக்கு வசதியாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் மதிப்பு 1,60,000 ரூபாய். சேதாரம் 3 சதவீதம் என்றால் 4,800 ரூபாய். நீங்கள் தேர்ந்தெடுத்த வேலைப்பாடுள்ள சங்கிலிக்குச் சேதாரம் 16 சதவீதம் என்றால் 25,600 ரூபாய். வித்தியாசம் மட்டும் 20,800 ரூபாய். அந்தச் சங்கிலிக்குச் செய்கூலி 2,000 ரூபாய் என்றும், அதில் முழுசாக 50 சதவீதம் தள்ளுபடி கிடைத்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாவது 1,000 ரூபாய். விளம்பரத்தில் 3, 50 என்ற இரண்டு எண்களும் சம உயரத்தில் நின்றன. பில்லில் ஒன்று இருபதாயிரத்தை நகர்த்துகிறது, மற்றது ஆயிரத்தை.

இத்தனைக்கும் கடை ஒரு பொய்யும் சொல்லவில்லை. வேலைப்பாடே இல்லாத ஒரு மோதிரத்துக்கு 3 சதவீதச் சேதாரம் போட்டிருந்தால் முதல் வரி மெய். ஏதோ ஒரு நகைக்குச் செய்கூலியில் பாதி குறைத்திருந்தால் இரண்டாம் வரியும் மெய். படிக்கிறவர் மனத்தில் 'இந்தக் கடையில் சேதாரம் 3 சதவீதம்' என்று பதிவதுதான் தவறு. அந்தத் தவறான வாக்கியத்தைக் கடை எழுதவில்லை. 'முதல்' என்ற சொல்லைக் கண் தாண்டிப்போனதும் நாமே எழுதிக்கொள்கிறோம்.

முற்றும்மைக்கு ஒரு சோதனை

'அனைத்து நகைகளும் 916 ஹால்மார்க்.' இதில் 'நகைகளும்' என்பதன் ஈற்றில் உள்ள உம்மை முற்றும்மை. ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் தழுவுவது. இப்படி முற்றும்மை போட்டு எழுதிய வாக்கியத்தை உடைக்க ஒரே ஒரு விதிவிலக்கு போதும்.

916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். வைர நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில் செய்யப்படுகின்றன. அவற்றின் முத்திரை 750. அதே கடையில் வைரப் பிரிவு ஒன்று இருந்தால் 'அனைத்து நகைகளும் 916' என்ற வாக்கியம் அங்கேயே உடைந்துவிடும்.

உடையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அந்த வரி செய்யும் வேறொரு வேலை இருக்கிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாக மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. அந்த மாவட்டங்களில், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைத் தன் தனிச்சிறப்புபோலச் சொல்கிறது விளம்பரம். பக்கத்துக் கடையிலும் அது உண்டு என்பது வாக்கியத்தில் இல்லை.

'எங்கள்' கடை, 'நம்ம' கடை

தமிழுக்குத் தன்மைப் பன்மையில் இரண்டு வடிவங்கள் உண்டு. கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் 'நாங்கள்', சேர்த்துச் சொன்னால் 'நாம்'. இலக்கணம் இதை உளப்பாட்டுத் தன்மை என்கிறது. இந்த வேறுபாடு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இல்லாதது. ஆகவே தமிழில் எழுதும் விளம்பரக்காரருக்குக் கூடுதலாக ஒரு கருவி கையில் இருக்கிறது.

'எங்கள் கடைக்கு வாருங்கள்' என்றால் விற்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், நடுவே கண்ணாடி மேசை. 'நம்ம கடை' என்றதும் அந்த மேசை எடுக்கப்பட்டுவிடுகிறது. 'நம்ம வீட்டு விசேஷம்' என்று வீட்டையும், 'நம்ம கடை' என்று கடையையும் ஒரே சொல்லால் கட்டியதில், உங்கள் வீட்டுக்குள் கடைக்காரர் உறவாகிவிட்டார், அவருடைய கடையில் நீங்கள் பங்காளி ஆகிவிட்டீர்கள். லாபத்தில் பங்கு கிடையாது என்பது வேறு விஷயம்.

அதுவரை 'உங்கள்', 'போகிறீர்கள்' என்று எழுத்து வழக்கில் மரியாதையாகப் பேசிய விளம்பரம், இந்த ஓர் இடத்தில் மட்டும் 'நம்' என்பதை 'நம்ம' என்று பேச்சு வழக்குக்கு இறக்கியிருப்பதையும் பாருங்கள். எண்ணும் ஹால்மார்க்கும் சொல்லும்போது எழுத்துத் தமிழ், உறவு கொண்டாடும்போது வீட்டுத் தமிழ்.

'தொடங்கட்டும்' என்பது இன்றைய தமிழில் வியங்கோளின் வேலையைச் செய்யும் வடிவம். வியங்கோள் வாழ்த்தவும் வரும், வேண்டவும் வரும், விதிக்கவும் வரும். 'வாங்குங்கள்' என்ற ஏவலாக இருந்திருக்க வேண்டியது இங்கே 'நல்லது நடக்கட்டும்' என்ற ஆசியின் குரலில் ஒலிக்கிறது. கட்டளையை மறுக்கலாம், ஆசியை மறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 'கடையிலிருந்தே' என்பதில் உள்ள ஏகாரம், வேறெங்கும் இல்லை, இங்கிருந்துதான் என்று பிரித்து உறுதி செய்கிறது. மூன்று நாட்கள் 'மட்டுமே' என்பதன் ஏகாரமும் அப்படித்தான்: இன்னும் நான்கு கடையில் விலை கேட்டுப் பார்க்கும் அவகாசத்தைச் சுருக்குவதற்காக வந்தது.

நட்சத்திரக் குறியும் சட்டமும்

கடைசியில் ஒரு சிறு நட்சத்திரம்: நிபந்தனைகளுக்கு உட்பட்டது. எந்த நிபந்தனை? யார் விதித்தது? எழுவாயே இல்லை. பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சிறிய எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம் இது.

இந்த இடத்தைச் சட்டம் கவனித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வெளியாயின. விளம்பரத்தில் உரிமை கொண்டாடும் வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதற்கான நிபந்தனை வாசகமும் இருக்க வேண்டும்; எழுத்துருவும் அதேபோல் இருக்க வேண்டும். முக்கியமான தகவலை மறைக்கவோ, தவறான வாசகம் ஒன்றைச் சரிக்கட்டவோ நிபந்தனை வாசகத்தைப் பயன்படுத்தக் கூடாது. தமிழில் சலுகையைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடுவது இந்த நெறிக்கு முரண். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

ஆனால் விளம்பரத்தின் எல்லா வரிகளையும் சட்டத்தால் பிடிக்க முடியாது. 'பொன் சேரும் பொன்னாள்' வெறும் புகழ்ச்சி. அதை மெய் என்றோ பொய் என்றோ நிறுவ வழியில்லை. புகழ்ச்சிக்கும் வாக்குறுதிக்கும் எல்லை எங்கே என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு பழைய வழக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 1891-இல் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பரவிய நேரத்தில், கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற புகைக்குண்டை விற்ற நிறுவனம், அதைச் சொன்னபடி நாளுக்கு மூன்று முறை இரண்டு வாரம் பயன்படுத்திய பின்னும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. அதற்காக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் எழுதியது. பயன்படுத்தியும் காய்ச்சல் கண்ட திருமதி கார்லில் பணம் கேட்டார். அது வெறும் விளம்பரப் புகழ்ச்சி என்றது நிறுவனம். 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டிருக்கிறோம் என்ற வாக்கியமே நிறுவனம் உண்மையாகத்தான் சொன்னது என்பதைக் காட்டுகிறது, ஆகவே அது வாக்குறுதி என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பிலிருந்து மொழி வகுப்புக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எண், நிபந்தனை, நடக்காவிட்டால் என்ன தரப்படும் என்ற விவரம் ஆகியவை ஒரு வாக்கியத்தில் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அது வாக்குறுதி. இவை குறையக் குறைய அது புகழ்ச்சி. நம் விளம்பரத்தில் எண் இருக்கிறது. ஆனால் 'முதல்', 'வரை' என்ற இரண்டு சொற்களும் அந்த எண்ணை வாக்குறுதி ஆகாமல் காப்பாற்றிவிடுகின்றன.

விடுபட்டதை எழுதிப் பாருங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகு வகுப்பில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றுதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் விடுபட்ட எழுவாய், விடுபட்ட எல்லை, விடுபட்ட ஒப்பீடு ஆகியவற்றை நிரப்பி, அதே விளம்பரத்தை முழு வாக்கியங்களில் திரும்ப எழுதச் சொல்லுங்கள். நம் விளம்பரம் இப்படி ஆகும்: 'அட்சய திருதியை அன்று நீங்கள் எங்களிடம் பணம் கொடுத்துத் தங்கம் வாங்கலாம். எங்கள் நகைகளில் சிலவற்றுக்குச் சேதாரம் 3 சதவீதம், மற்றவற்றுக்கு அதைவிட அதிகம். சில நகைகளின் செய்கூலியில் பாதி குறைப்போம், சிலவற்றுக்குக் குறைக்க மாட்டோம். சட்டம் கேட்கும் ஹால்மார்க் முத்திரை எங்கள் நகைகளில் உண்டு.'

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், தகவல் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டாவதைப் படித்துவிட்டு யாரும் அவசரமாகக் கடைக்குக் கிளம்ப மாட்டார்கள். முதலாவதில் கூடுதலாக இருந்தது எதுவோ, அதுதான் வற்புறுத்தல். அதை அடைமொழிகள் செய்யவில்லை. தன்வினையும் வினாச்சொல்லும் 'நம்ம'வும் ஏகாரமும் செய்தன. 'விளம்பரம் பொய் சொல்கிறது' என்று எழுதும் மாணவருக்குப் பாதி மதிப்பெண்தான் தர வேண்டும். மெய்யான வாக்கியங்களைக் கொண்டே எப்படி மெய்யல்லாத எண்ணத்தை உண்டாக்கியது என்று காட்டுபவருக்கே முழு மதிப்பெண்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை நகைக்கடைக்குப் போகும்போது, 'சேதாரம் எவ்வளவு?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். '3 சதவீதம் முதல்' என்றே பதில் வரும். நகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, 'இந்த நகைக்குச் சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி எவ்வளவு, தள்ளுபடி போக மொத்தம் எவ்வளவு?' என்று கேளுங்கள். பில்லில் இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக நடந்தால், விளம்பரத்தின் நகலோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.